மாவு மில்லுக்கு 3 ஹெச்.பி.யா, 5 ஹெச்.பி.யா, 7.5 ஹெச்.பி.யா? வாங்கும் முன் ஒரு கணக்கு

புதிதாக மாவு மில் வைக்கப் போகிறவர்கள், மெஷின் விற்கும் எங்களிடம் முதலில் கேட்பது, "இந்த மெஷின் மணிக்கு எத்தனை கிலோ அரைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு விலைப்பட்டியலில் அச்சிட்டிருக்கும் பதிலை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். அந்தக் கணக்கு, நன்றாகக் காய்ந்த தானியத்தை நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருந்தால், சல்லடையும் கொஞ்சம் பெரிய துளையாக இருந்தால், வோல்டேஜும் முழுதாக வந்தால் கிடைப்பது. உங்கள் கடைக்கு வருகிறவர்கள் அப்படிக் கொண்டுவருவதில்லை. ஒருவர் இடியாப்பத்துக்கு இரண்டு கிலோ பச்சரிசி, அடுத்தவர் ரேஷன் கோதுமை ஐந்து கிலோ, அதற்கடுத்தவர் நனைத்து வடித்த அரிசி ஒரு தூக்கு வாளியில், அவருக்குப் பின்னால் மஞ்சளும் மல்லியும் கலந்த ஒரு பை. இப்படித்தான் டெல்டாவில் ஒரு மாவு மில்லின் வரிசை நிற்கும்.

அதனால் மூன்று தேர்வுகளை எடுத்து, வலங்கைமான் பக்கம் ஒரு கடைத்தெருவில் தனி ஆளாக மில் வைக்கப் போகிற ஒரு அக்காவுக்கு எது சரிப்படும் என்று இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். ஒன்று, சிங்கிள் ஃபேஸில் ஓடும் 3 ஹெச்.பி. பல்வரைசர், அதாவது உள்ளே சுத்திகள் சுற்றி அடித்து அரைக்கும் மெஷின். இரண்டு, த்ரீ ஃபேஸில் ஓடும் 5 ஹெச்.பி. பல்வரைசர். மூன்று, அதே த்ரீ ஃபேஸில் 7.5 ஹெச்.பி. கல் மெஷினை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் அது நல்ல மெஷின், ஆனால் ஈர அரிசியையும் எண்ணெய்ப் பசை உள்ள சாமானையும் போட்டால் கல் மழுங்கி வழவழப்பாகிவிடும். நம்ம ஊரில் பாதி வேலை ஈர அரிசியும் மிளகாயும்தான் என்பதால் முதல் மெஷினாகப் பல்வரைசர்தான் சரி.

இப்போது நிஜமான வேகத்துக்கு வருவோம். இடியாப்பத்துக்கு வேண்டிய நைஸ் மாவாக, காய்ந்த பச்சரிசியை அரைக்கும்போது 3 ஹெச்.பி. மெஷின் மணிக்குச் சுமார் 25 கிலோ தரும், 5 ஹெச்.பி. சுமார் 50 கிலோ, 7.5 ஹெச்.பி. சுமார் 90 கிலோ. மெஷினுக்கு மெஷின், சல்லடைக்குச் சல்லடை இது கூடும், குறையும். மிளகாய் என்றால் இதில் பாதியை எதிர்பார்த்தாலே போதும். இதை மட்டும் பார்த்தால் 7.5 வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் அரைக்கும் நேரம் மட்டும் கணக்கல்ல, கை வேலை நேரமும் இருக்கிறது. ஒருவருடைய அரிசியை வாங்கி, எடை போட்டு, தொட்டியில் கொட்டி, அரைத்து முடிந்ததும் பையைத் தட்டி மாவை முழுதாக இறக்கி, டப்பாவில் கொடுத்து, காசு வாங்கி, மீதிச் சில்லறை கொடுக்க எப்படிப் பார்த்தாலும் 3 நிமிடம் ஆகிவிடும். மெஷின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த 3 நிமிடம் குறையாது.

ஒரு ஆளுக்குச் சராசரியாக 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஹெச்.பி. மெஷினில் அரைக்க 7 நிமிடம், கை வேலை 3 நிமிடம், ஆக 10 நிமிடம். மணிக்கு 6 பேர், 18 கிலோ. 5 ஹெச்.பி.யில் அரைக்க மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, கை வேலையோடு ஆறரை நிமிடம், மணிக்கு 9 பேர், 27 கிலோ. 7.5 ஹெச்.பி.யில் அரைக்க 2 நிமிடம்தான், ஆனால் கை வேலையோடு 5 நிமிடம் ஆகிவிடும், மணிக்கு 12 பேர், 36 கிலோ. பட்டியலில் 50-க்கும் 90-க்கும் இருந்த வித்தியாசம் கடையில் 27-க்கும் 36-க்கும் என்று சுருங்கிவிட்டது பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எடை போட்டுக் காசு வாங்க வீட்டிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தால், கை வேலை ஒன்றரை நிமிடமாகக் குறையும், அப்போது 5 ஹெச்.பி. மெஷினே மணிக்கு 35 கிலோவைத் தொட்டுவிடும். அதாவது கூடுதலாக ஒரு ஆள் வந்தால் 5 ஹெச்.பி.யும் தனி ஆள் ஓட்டும் 7.5-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வருஷத்தில் சில வாரக் கூட்டத்துக்காகப் பன்னிரண்டு மாதமும் பெரிய மோட்டாருக்குப் பணம் கட்ட வேண்டுமா என்று இந்த இடத்தில் யோசியுங்கள்.

ஏனென்றால் பெரிய மோட்டாரின் செலவு வாங்கிய அன்றோடு முடிவதில்லை. தொழில் இணைப்பில் நீங்கள் அனுமதி வாங்கிய ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிலைக்கட்டணம் உண்டு, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும். 1 ஹெச்.பி. என்பது 746 வாட், அப்படியானால் 5 ஹெச்.பி. சுமார் 3.7 கிலோவாட், 7.5 ஹெச்.பி. சுமார் 5.6 கிலோவாட். அடுத்த ஆள் அரிசியை எடை போடும்போது மெஷினை நிறுத்தாமல் சும்மா சுற்றவிடுவதுதான் எல்லா மில்லிலும் வழக்கம், அந்தச் சும்மா ஓட்டத்திலும் பெரிய மோட்டார் கூடுதலாக இழுக்கும். ஆனால் இதை வைத்து 3 ஹெச்.பி.தான் சிக்கனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முழு லோடில் 3 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மணிக்குச் சுமார் 3 யூனிட் எடுத்து 25 கிலோ அரைக்கிறது, 5 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் சுமார் நாலரை யூனிட் எடுத்து 50 கிலோ அரைக்கிறது. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 5-தான் மலிவு.

கரண்ட் விஷயத்தில்தான் டெல்டாவுக்கென்று ஒரு தனிக் கதை இருக்கிறது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தாலும் சரி, திறப்பு தள்ளிப்போனாலும் சரி, குறுவை நாற்றங்கால் போட்டதும் போர் மோட்டார்கள் ஓட ஆரம்பித்துவிடும். உங்கள் மில்லும் அந்தப் போர்களும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்தால் வோல்டேஜ் இறங்கும். சாயங்காலம் வீடுகளில் மிக்ஸியும் ஃபேனும் சேர்ந்துகொள்ளும், உங்களுக்கும் கூட்டம் அந்த நேரத்தில்தான். மோட்டாரின் இழுவை சக்தி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், 230 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் வோல்டேஜ் எட்டில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது, ஆனால் சக்தி கால் பங்கு போய்விட்டது. த்ரீ ஃபேஸில் 415-க்குப் பதில் 360 வந்தாலும் இதே கதைதான். அப்போது மோட்டார் அதே வேலையைச் செய்யக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சூடாகும், ஒரு நாள் காயில் கருகும்.

சிங்கிள் ஃபேஸில் இது இன்னும் கடுமை. 3 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போதே சுமார் 15 ஆம்பியர், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல ஆறு மடங்கு. மீட்டரிலிருந்து மெஷினுக்கு 30 மீட்டர் தூரம், வீட்டு வயரிங்குக்குப் போட்ட 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்தான் என்றால், அந்த நொடியில் வயருக்குள்ளேயே சுமார் 40 வோல்ட் காணாமல் போய்விடும். வெளியே 210 வந்தாலும் மோட்டாருக்குக் கிடைப்பது 170. மெஷின் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கும், சுற்றாது. பலர் உடனே "மெஷின் சரியில்லை" என்று எங்களுக்குப் போன் செய்வார்கள். போய்ப் பார்த்தால் வயர் மெலிசாக இருக்கும். மீட்டரிலிருந்து மெஷினுக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுங்கள், தூரம் அதிகமானால் இன்னும் தடிப்பாக. மெஷின் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவு. அப்புறம், முனகல் சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள், உடனே நிறுத்துங்கள். வயர் சரியாக இருந்தும் முனகினால் கெப்பாசிட்டர் போயிருக்கும், அது மலிவான சாமான். முனகவிட்டுக் காயிலைக் கருக்கினால்தான் பெரிய செலவு.

த்ரீ ஃபேஸுக்கு வேறு ஒரு எதிரி, ஒரு ஃபேஸ் போய்விடுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பத்தில் ஒரு ஃபியூஸ் போனால் மீதி இரண்டு ஃபேஸில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், சத்தம் மட்டும் கொஞ்சம் மாறும், மெஷின் இரைச்சலில் அது காதில் விழாது. சில நிமிடங்களில் காயில் போய்விடும். இதைத் தடுக்க ஸ்டார்ட்டரில் சிங்கிள் ஃபேஸ் பிரிவெண்டர் என்று ஒரு சாமான் மாட்ட வேண்டும். எங்களிடம் விலையைக் குறைக்கச் சொல்லும் சிலர் முதலில் வெட்டச் சொல்வது இதைத்தான். தயவுசெய்து இதில் மட்டும் கை வைக்காதீர்கள். மோட்டார் அளவுக்கு மீறி ஆம்பியர் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோட் ரிலே ஸ்டார்ட்டரில் இருக்கும், அதை மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்குச் சரியாக வைத்திருக்கிறார்களா என்று மெஷின் மாட்டும் அன்றே எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பாருங்கள். 5 ஹெச்.பி.க்குச் சுமார் ஏழரை ஆம்பியர் இருக்கும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைத் திருகிக் கூட்டி வைத்துவிட்டால் ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான். மோட்டார் கம்பெனி உத்தரவாதமும் லோ வோல்டேஜில், ஒரு ஃபேஸ் போனதில் கருகின காயிலுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

சரி, இப்போது அந்த அக்காவின் கணக்கு. அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் சாதாரண நாளில் 60, 70 கிலோ வரும். ஆடியிலும் பிள்ளையார் சதுர்த்திக்கும் கூடும், மார்கழியில் கோலமாவு சேரும். தீபாவளிக்கு முன்னால் நாளுக்கு 200 கிலோவைத் தாண்டும், அதில் பெரும்பகுதி அதிரசத்துக்கும் முறுக்குக்கும். அப்புறம் பங்குனி, சித்திரை வெயிலில் வருஷத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைக்க ஊரே வரும். அறுவடை முடிந்த தாளடி வயலில் எடுத்த உளுந்தும் பயறும்கூட அந்தச் சமயத்தில்தான் வரும்.

3 ஹெச்.பி. ஒன்றை மட்டும் வாங்கினால் சாதாரண நாளுக்கு 4 மணி நேரம், அது சரி. தீபாவளிக்கு 11 மணி நேரம் நிற்காமல் ஓட்ட வேண்டும், அதுவும் லோ வோல்டேஜில். வரிசை நகராவிட்டால் அடுத்த தெரு மில்லுக்கு ஆட்கள் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்புவது கஷ்டம். 7.5 ஒன்றை மட்டும் வாங்கினால் தீபாவளி சமாளிக்கும், ஆனால் மிளகாய் அரைத்த மெஷினில் அரிசி எப்படி அரைப்பது? திறந்து, சல்லடையைக் கழற்றி, பிரஷ் போட்டு, மாவுப் பையை மாற்றி, கொஞ்சம் மட்ட அரிசியை ஓட்டித் துடைத்து எடுக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்படியும் அடுத்து வருகிற பச்சரிசி மாவில் ஒரு நெடி இருக்கும். குழந்தைக்குச் சத்துமாவு அரைக்க வந்த அம்மா அந்த வாசனையை ஒரு தடவை கண்டுபிடித்தால் போதும்.

எங்கள் யோசனை, 5 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் ஒன்று அரிசிக்கும் தானியத்துக்கும், 3 ஹெச்.பி. ஒன்று மிளகாய் மசாலாவுக்கு மட்டும். த்ரீ ஃபேஸ் இணைப்பு எடுக்கத்தானே போகிறோம், அதனால் 3 ஹெச்.பி.யையும் த்ரீ ஃபேஸ் மோட்டாராகவே வாங்குங்கள், கெப்பாசிட்டர் தொல்லையே இல்லை. இரண்டும் சேர்ந்து சுமார் 6 கிலோவாட். குறுந்தொழிலுக்கான கட்டண வகைக்கு 12 கிலோவாட் வரை வரம்பு இருக்கிறது, அதற்குள் வசதியாக இருப்பீர்கள், பின்னால் ஒரு கல் மெஷின் சேர்க்கவும் இடம் இருக்கும். உங்கள் இணைப்பு எந்த வகையில் வரும் என்பதை மட்டும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போதே பேசி எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு மெஷின் வாங்கினால் 7.5 ஒன்றைவிடக் கைக்காசு கூடத்தான் போகும். ஆனால் ஒன்று பழுதானால் கடை மூட வேண்டியதில்லை. பணம் பற்றாது என்றால் முதலில் 5-ஐ வாங்குங்கள், மிளகாய் சீசனுக்குள் 3-ஐச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவரை மசாலா வேலையை வாங்காமல் இருப்பது நல்லது.

எல்லோருக்கும் இதே பதில் இல்லை. வீட்டுத் திண்ணையில் வைத்து, தெருவுக்கு மட்டும் அரைத்துக் கொடுக்கிறேன், த்ரீ ஃபேஸ் கம்பம் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் 3 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் உங்களுக்குப் போதும், வயரை மட்டும் சரியாகப் போடுங்கள். கடைகளுக்குப் பாக்கெட் போட்டு இடியாப்ப மாவு கொடுக்கிறீர்கள், ஒரே அரிசியை 50 கிலோ மூட்டையாகக் கொட்டி அரைக்கிறீர்கள் என்றால் நாம் மேலே பார்த்த கை வேலை நேரமே கிடையாது, அங்கே 7.5-இன் முழு வேகமும் உங்களுக்குக் காசு.

சர்வீஸ் பற்றி. எங்களிடம் வாங்கினாலும் வேறு இடத்தில் வாங்கினாலும், வாங்கும் முன் பில்லின் பின்னாலேயே மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: பேரிங் நம்பர், பெல்ட் நம்பர், சல்லடையின் அளவு. 6205, 6206 மாதிரி எல்லாக் கடையிலும் கிடைக்கும் பேரிங் என்றால் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ அரை நாளில் வாங்கி மாட்டிவிடலாம். அந்தக் கம்பெனியில் மட்டும் கிடைக்கும் அளவு என்றால், பார்சல் வரும் வரை கடை பூட்டுத்தான். மோட்டார் நேராக மெஷினோடு சேர்ந்திருக்கும் மாடலைவிட பெல்ட்டில் ஓடும் மாடலையே நாங்கள் சொல்வோம். உள்ளே ஈர அரிசி அடைத்துக்கொண்டால் பெல்ட் வழுக்கிச் சத்தம் போட்டு உங்களுக்குச் சொல்லும், நேர் இணைப்பில் அந்த அடி முழுதும் மோட்டாருக்குத்தான்.

தேயும் சாமான்கள் இரண்டு, சுத்தியும் சல்லடையும். மாவு வழக்கத்தைவிடக் கையில் சூடாக வருகிறது, அரைக்க நேரம் கூடுகிறது, ஆம்பியர் மீட்டர் முள் ஏறி நிற்கிறது என்றால் சுத்தி மழுங்கிவிட்டது. திடீரென்று மாவில் குருணை வந்தால் சல்லடை எங்கோ கிழிந்திருக்கிறது, முழு மஞ்சளை உடைக்காமல் போட்டால் இது சீக்கிரம் நடக்கும். சுத்தியைப் பல மாடல்களில் திருப்பிப் போட்டு மறு முனையையும் பயன்படுத்தலாம். மாற்றும்போது தேய்ந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், செட்டாக மாற்றுங்கள். எடை ஒரு பக்கம் கூடினால் மெஷின் அதிரும், அதிர்ந்தால் பேரிங் போகும், அப்புறம் ஷாஃப்டும் தேயும். பேரிங் சூட்டைத் தினமும் வேலை முடியும்போது கை வைத்துப் பாருங்கள், கையைச் சில நொடிகூட வைக்க முடியவில்லை என்றால் அடுத்த நாள் ஓட்டாதீர்கள். கிரீஸ் குறைவாக இருந்தாலும் சுடும், அதிகமாகத் திணித்தாலும் சுடும். தானியம் விழும் தொட்டியில் ஒரு காந்தம் கட்டாயம் வேண்டும், ஆணியும் கம்பித் துண்டும் அரிசியோடு வருவது சகஜம். அதையும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது துடையுங்கள்.

சுவரில் ஒரு சின்ன நோட்டு தொங்கவிட்டு, மெஷின் புதிதாக வந்த அன்று சும்மா ஓடும்போது எத்தனை ஆம்பியர் என்று குறித்துவையுங்கள். மாதம் ஒரு முறை அதே மாதிரி பார்த்து எழுதினால் மெக்கானிக் வருவதற்கு முன்பே கோளாறு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பெரிய சர்வீஸைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் எங்கள் ஆட்களும் சரி, ஊரில் காயில் கட்டுகிறவர்களும் சரி, கூப்பிட்ட உடனே வர முடியாத அளவுக்கு வேலையில் இருப்போம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் தெருவாக இருந்தால் மெஷினை இரண்டடி சிமெண்ட் மேடையில் மாட்டுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டி இன்னும் உயரத்தில் இருக்கட்டும். மோட்டார் நனைந்திருந்தாலும், ஈரத்தில் பல நாள் ஓடாமல் கிடந்தாலும் நேராக சுவிட்சைப் போடாமல், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, காயிலின் இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயவைத்துத்தான் ஓட்ட வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்துக்காரர்கள் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் போல்ட்டுகளுக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் போடுங்கள், இல்லையென்றால் சல்லடை மாற்றும் அன்று மூடியே கழலாது.

எங்களிடம் வரும்போது இரண்டு தாள் கொண்டுவாருங்கள். ஒன்றில், மெஷின் வைக்கப் போகும் இடத்தில் சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணி வரை ஒரு வாரம் பார்த்த வோல்டேஜ். மின்சார மீட்டரிலேயே பெரும்பாலும் அது தெரியும், இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். இன்னொன்றில், பக்கத்து மில்லில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்து, எத்தனை பேர் வந்தார்கள், ஆளுக்கு எத்தனை கிலோ, அதில் ஈர அரிசி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு. மீட்டரிலிருந்து மெஷின் வரைக்கும் உள்ள தூரத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.